எண்பது வயது ஜெபம் வந்த கடல் வழி

காங்கேசன்துறை, தெல்லிப்பழைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பெரியவர் ஒருவருக்கு எண்பது வயது நிறைந்தால் என்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். போதகர் வருவார், கீர்த்தனை பாடுவார்கள், தொண்ணூறாம் சங்கீதம் வாசிப்பார்கள். டொரொன்டோவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகள் கைபேசித் திரையில் வரிசையாகத் தெரிவார்கள். பிறகு பெரியவர் எழுந்து, புத்தகம் எதுவும் இல்லாமல் தன் வாயாலேயே நன்றி ஜெபம் செய்வார். ஜெபம் முடிந்த பிறகுதான் கேக். பேரப்பிள்ளைகள் பொறுமை இழக்கும் அளவுக்கு அது நீளும் என்பதும் தெரிந்ததே. அந்த ஜெபம் எந்தெந்தத் துறைமுகங்களைத் தொட்டு இந்த விறாந்தைக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத கதை.

முதலில் அந்த எண்பது என்ற எண். மனித ஆயுள் எழுபது, பலமுள்ளவர்க்கு எண்பது என்ற கணக்கைத் தருவது தொண்ணூறாம் சங்கீதம். வேடிக்கை என்னவென்றால் அது பிறந்தநாள் பாட்டே அல்ல. அந்த ஆண்டுகளில் மிஞ்சுவது வருத்தமும் சஞ்சலமும்தான் என்று புலம்பும் பாட்டு அது. மரபு அதை மோசேயின் பெயரில் வைக்கிறது. அந்த மோசே பார்வோன் முன் போய் நின்றபோது அவருக்கு எண்பது வயது என்று யாத்திராகமம் சொல்கிறது. அதே வேதாகமத்தில் பர்சிலா என்ற இன்னொரு எண்பது வயதுக்காரர் வருகிறார். எருசலேமுக்கு வந்து என்னோடு இரும் என்று தாவீது ராசா அழைக்க, இந்த வயதில் சாப்பாட்டின் ருசியும் தெரியாது, பாட்டுக்காரர் சத்தமும் காதில் விழாது, நான் எதற்கு உமக்குச் சுமையாக என்று அவர் மறுத்துவிடுகிறார். எண்பதைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசியவர் குறைவு.

பிறந்தநாளோ வேறு ஆட்களின் சொத்து. ரோமர்கள் அந்த நாளில் தங்கள் காவல் தெய்வத்துக்கு மதுவும் பலகாரமும் படைத்தார்கள். கி.பி. 238இல் சென்சோரினஸ் என்ற அறிஞர் தன் புரவலருக்குப் பிறந்தநாள் பரிசாக, பிறந்தநாளைப் பற்றியே ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். ஆனால் அதே நூற்றாண்டில் வாழ்ந்த திருச்சபை ஆசிரியர் ஒரிகன் முகம் சுளித்தார். வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், பரிசுத்தவான் ஒருவரும் இல்லை என்பது அவர் வாதம். ஆகவே பிறந்தநாளும் ஜெபமும் ஒரே வீட்டுக்குள் வர நெடுங்காலம் பிடித்தது.

ஜெபத்தின் எலும்புக்கூடு கிடைத்தது ஒரு சண்டையில். 1661இல் லண்டன் சவோய் மாளிகையில் ஆங்கிலத் திருச்சபை ஆயர்களும் பியூரிட்டன் போதகர்களும் பொது ஜெபப் புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்தார்கள். இதில் கேட்பதுதான் அதிகம், நன்றி சொல்வது போதாது என்பது பியூரிட்டன்களின் குறைகளில் ஒன்று. பெரும்பாலான கோரிக்கைகள் தள்ளப்பட்டன, ஆனால் இந்தக் குறைக்கு ஏதோ செவிசாய்த்தார்கள். பியூரிட்டன் பக்கம் சாய்ந்திருந்து பிறகு நோரிச் ஆயராகிவிட்ட எட்வர்ட் ரெய்னால்ட்ஸ் எழுதியதாகக் கருதப்படும் பொது நன்றி ஜெபம் 1662 புத்தகத்தில் இடம்பிடித்தது. அதன் வரிசையைக் கவனியுங்கள்: படைத்ததற்கு நன்றி, காத்ததற்கு நன்றி, வாழ்வின் நன்மைகளுக்கு நன்றி, எல்லாவற்றுக்கும் மேலாக மீட்புக்கு நன்றி, கடைசியில் நன்றியுள்ள மனதைத் தரும்படி ஒரு சிறு விண்ணப்பம்.

நம் பெரியவர் ரெய்னால்ட்ஸின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் ஜெபத்தைக் காது கொடுத்துக் கேட்டால் அதே அடுக்குதான். முதலில் அப்பா அம்மா, பிறந்த வளவு, படிப்பித்த வாத்திமார். அடுத்து நெருப்புக்காய்ச்சலில் பிழைத்தது, செல்லடியில் தப்பியது. பிறகு உத்தியோகம், கலியாணம், பிள்ளைகள். அப்புறம் ஆண்டவரின் கிருபை. கடைசியில்தான் கேட்பது, அதுவும் பெரும்பாலும் தனக்காக அல்ல. இரண்டாம் அடுக்கில்தான் ஜெபம் நீளும். மருமகள் ஒருத்தியின் பெயர் விட்டுப்போய், ஆமென் சொன்ன பிறகு திரும்பவும் தொடங்குவதும் உண்டு.

புத்தகம் பார்க்காமல் ஜெபிக்கும் பழக்கம் மட்டும் ரெய்னால்ட்ஸிடமிருந்து வரவில்லை. அச்சடித்த ஜெபத்தை வாசிப்பது ஜெபமே அல்ல என்று அட்லாண்டிக்கைக் கடந்துபோன பியூரிட்டன்களின் கைச்சரக்கு அது. அவர்கள் கிறிஸ்மஸையே கொண்டாடாதவர்கள். ஆனாலும் பொஸ்டனின் பெயர்பெற்ற போதகர் இன்கிரீஸ் மாதர் 1719 ஜூனில் எண்பது வயது நிறைந்த அன்று தன் பிறந்தநாளைப் பற்றியே பிரசங்கம் செய்தார். அது அதே ஆண்டில் அச்சிலும் வந்தது. ஒரிகன் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

இங்கேதான் கதை நம் கடலுக்குள் நுழைகிறது. இன்கிரீஸின் மகன் கொட்டன் மாதர் 1717இன் கடைசியில் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடிக்கு ஒரு கடிதம் எழுதினார். பெறவேண்டியவர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட பர்த்தலோமேயு சீகன்பால்கு. கடிதம் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1719 பெப்ரவரியில் 36 வயதில் இறந்துவிட்டார். உடன் ஊழியர் குருண்ட்லர் பதில் எழுத, இந்தக் கடிதங்களை 1721இல் கொட்டன் மாதர் ஒரு சிறு நூலில் சேர்த்து வெளியிட்டார். தந்தை எண்பதுக்கு நன்றி சொன்ன அதே வருடத்தில், மகன் கடிதம் போட்ட மனிதர் அந்த வயதில் பாதியைக்கூடத் தொடாமல் போய்விட்டார். அவர் ரூத் வரை மொழிபெயர்த்து நிறுத்திய பழைய ஏற்பாட்டை சூல்ட்ஸே தொடர்ந்து முடித்தார். அப்படித்தான் தொண்ணூறாம் சங்கீதம் தரங்கம்பாடி அச்சில் தமிழாக வந்தது.

பொஸ்டன்காரரின் ஜெபம் யாழ்ப்பாணத்துக்கு வந்ததோ ஒரு தவறிய பயணத்தால். 1812இல் கல்கத்தாவில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்க விடவில்லை. சாமுவேல் நியூவெல் மொரிசியஸுக்குப் போனார். அங்கே பத்தொன்பது வயது மனைவி ஹரியட் இறந்தார். தனியாகப் புறப்பட்ட அவர் ஏறிய கப்பல் வழியில் காலியைத் தொட, இலங்கையிலேயே இறங்கி மாதக்கணக்கில் தங்கினார். யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று ஊருக்கு எழுதினார். அதை நம்பி 1815 ஒக்டோபரில் பொஸ்டனுக்கு வடக்கேயுள்ள நியூபரிபோர்ட்டிலிருந்து 'டிரையட்' கப்பலில் ஒரு கூட்டம் கிளம்பியது. 1816இல் டானியல் பூவர் தெல்லிப்பழையில், காங்கேசன்துறைக்குக் கூப்பிடுதூரத்தில், பழைய ஒல்லாந்தர் கோயில் வளவில் குடியேறினார். கம்பெனி அன்று கதவை அடைக்காமல் இருந்திருந்தால் நம் பெரியவர் வேறு விதமாகத்தான் ஜெபித்திருப்பார்.

அந்தத் தெல்லிப்பழை மிஷன் பள்ளியின் தொடர்ச்சியான யூனியன் கல்லூரியில் படித்தவர் சா.ஜே.வே. செல்வநாயகம். 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். காங்கேசன்துறைத் தொகுதி உறுப்பினராக இருக்கும்போதே 1977 ஏப்ரல் 26இல் காலமானார். எண்பதுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

இனி மிஷனரிகளைப் பார்த்துச் செய்தவர்களின் கதை. வெஸ்லியன் மிஷனின் பீற்றர் பெர்சிவல் வேதாகமத்தைப் புதிதாகத் தமிழாக்கியபோது கூட இருந்து உழைத்தவர் ஆறுமுகநாவலர். சென்னை அந்த மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை. ஆனால் நாவலர் மிஷனரிகளிடம் பார்த்த ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டார். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார், பிறகு வெள்ளிக்கிழமை தோறும் நடத்தினார். இன்று ஒரு சைவ வீட்டில் எண்பதாம் ஆண்டு விழாவில் தேவாரம் முடிந்ததும் பெரியவர் எழுந்து தன் வாழ்க்கையைச் சொல்லி நன்றி கூறுகிறாரே, அதிலும் அந்தப் பிரசங்க மேடையின் வாசனை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சைவருக்கு எண்பது சொந்தமாகவே இருந்தது. அவர்கள் அதை நிலவால் அளந்தார்கள். ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். அதற்கு உரிய வயது எண்பது வருடம் எட்டு மாதம் என்பார்கள். கணக்கு இப்படி: எண்பது வருடத்துக்கு 960 மாதம், அதோடு எட்டு, மொத்தம் 968. முப்பது மாதத்துக்கு ஒரு பிறை கூடுதலாக வரும் என்று எடுத்தால் இன்னும் 32. ஆயிரம் சரியாகிவிட்டது. ஆனால் வானம் அவ்வளவு தாராளம் இல்லை. பூரணைக்குப் பூரணை ஏறக்குறைய 29.53 நாள். கூடுதல் பிறை வருவது முப்பது மாதத்துக்கு அல்ல, முப்பத்திரண்டரை மாதத்துக்கு ஒன்று. அப்படிப் பார்த்தால் எண்பது வருடம் எட்டு மாதத்தில் கிடைப்பது 998க்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் நிறைய இன்னும் இரண்டு மாதத்துக்குமேல் ஆகும். எண்பதாம் பிறந்தநாளன்றே கொண்டாடுகிறவருக்கோ பத்துப் பிறைக்குமேல் பாக்கி. மழைக்கால மேகத்தில் மறைந்த பிறைகளை யாரும் கழிப்பதில்லை என்பதால், இந்தக் கடனைப் பற்றியும் யாரும் கவலைப்படுவதில்லை.

இந்தச் சடங்குக்குப் பெயர்போன இடம் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால் அறுபதுக்கும் எண்பதுக்கும் தம்பதிகள் அங்கே வந்து கலச நீராடுகிறார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திருக்கடையூரும், சங்கீதம் தமிழில் அச்சான தரங்கம்பாடியும் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. காங்கேசன்துறையில் எண்பதைக் கொண்டாடும் இரண்டு வழிகளும் நேர் எதிரேயுள்ள ஒரே கரையோடு சொந்தம் கொண்டாடுகின்றன.

1990இல் வலிகாமம் வடக்குச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இந்த ஜெபமும் அவர்களோடு போனது. 1950 முதல் ஓடிய சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த வருடமே நின்றது. ஊரை விட்டபோது நாற்பதுகளில் இருந்தவர்கள்தான் இப்போது எண்பதை எட்டுகிறார்கள். அதனால் காத்ததற்கு நன்றி என்ற பகுதி இவர்களிடம் தனிவடிவம் எடுத்துவிட்டது. மருதனார்மடம், வன்னி, கொழும்பு, கனடா என்று தங்கிய இடங்களின் பெயர்கள் வரிசையாக வரும். காணி திரும்பக் கிடைத்தவர் அதற்கும் நன்றி சொல்வார். கிடைக்காதவர் அதைக் கடைசி அடுக்கில், விண்ணப்பமாக வைப்பார். 1662இல் எழுதியவருக்குக் காணி விடுவிப்பு என்ற ஒன்று தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் அவருடைய வரிசையில் அதற்கு இடம் இருந்தது.

2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர் கடல். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சேவை நிற்கிறது, பிறகு ஓடுகிறது. நாகப்பட்டினத்தில் இறங்கிக் கரையோரச் சாலையில் வடக்கே போனால் முதலில் தரங்கம்பாடி, அடுத்து திருக்கடையூர். எண்பது நிறைந்த ஒருவர் எந்த வழிக்காரரானாலும் ஒரே டிக்கெட்டில் போய்வரலாம். மருந்துச் சீட்டையும் கடவுச்சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.