‘வி ஹேவ் ரோட்’: மட்டக்களப்பு அறிக்கைகளில் ஒரு வினைவடிவத்தின் பயணம்

மட்டக்களப்பு வாவிக்கரை அலுவலகங்களில் வாராந்த முன்னேற்ற அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படும்போது சில வினைகள் திரும்பத் திரும்பச் சறுக்குகின்றன. மாதிரிக்கு மூன்று வரிகள்: ‘ஐ ஹேவ் வென்ட் டு வாகரை’, ‘ஹீ சென்டெட் த லிஸ்ட்’, ‘வி ஹேவ் ரோட் டு த ஜி.ஏ.’ மூன்றையும் ‘ஆங்கிலம் போதாது’ என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுவது வழக்கம். அந்த வழக்கம் வரலாற்றுக்கும் பொருந்தாது, மொழியியலுக்கும் பொருந்தாது.

மூன்றாவது வரியை எடுத்துக்கொள்வோம். ‘ஹேவ் ரோட்’ ஒருகாலத்தில் படித்த ஆங்கிலேயரே எழுதிய வடிவம். சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதி, ‘ரைட்’ என்ற வினையின் எச்சவடிவங்களாக ‘ரிட்டன்’, ‘ரிட்’, ‘ரோட்’ மூன்றையும் தருகிறது. ஏழே ஆண்டில், 1762இல், ரொபர்ட் லௌத் தன் இலக்கண நூலில் இறந்தகால முற்றையும் எச்சத்தையும் குழப்புவது பிழை என்று தீர்ப்பளித்தார். பெரிய எழுத்தாளர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பின்வந்த பள்ளி இலக்கணங்கள் அந்தத் தீர்ப்பையே விதியாக்கின.

வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்பில் இறங்கியது 1814இல். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனாலும், அவர் தொடங்கிய பள்ளிக்கூட வேலை மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. அதாவது, வாவிக்கரைக்கு ஆங்கிலம் பாடமாக வந்தது லௌத்தின் தீர்ப்புக்கு அரை நூற்றாண்டு பிந்தி. எனவே இன்றைய ‘ஹேவ் ரோட்’ பழைய துரைமார் விட்டுச்சென்ற எச்சம் என்று சொல்வதைவிட, இங்கேயே புதிதாக முளைத்தது என்று கொள்வதே பொருத்தம்.

எப்படி முளைத்தது? தமிழில் ‘எழுதினேன்’, ‘எழுதியிருக்கிறேன்’ இரண்டிலும் ‘எழுதி’யே நிற்கிறது. ‘வந்தேன்’, ‘வந்திருக்கிறேன்’ என்பதும் அப்படித்தான். ‘இரு’வுக்கு முன் நிற்பதை இலக்கணகாரர் இறந்தகால வினையெச்சம் என்றே அழைக்கிறார்கள். ஆங்கிலத்தின் ஒழுங்கான வினைகளும் இதே பழக்கத்துக்கு ஒத்தூதுகின்றன: ‘விசிட்டெட்’, ‘ஹேவ் விசிட்டெட்’. ஆகவே ‘வென்ட்’ தெரிந்தவர் ‘ஹேவ்’ போட்டதும் அதையே பொருத்துகிறார். ‘கோ, வென்ட், கோன்’ என்று மனனம் செய்த மூன்று நிரல் அட்டவணையில் நடுநிரல்தான் அன்றாடம் புழங்குவது. கடைசி நிரல் பரீட்சையோடு மங்கிவிடுகிறது.

1945க்குப் பின் தாய்மொழிக் கல்வி பரவி, ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கியதும் இந்த மங்கலுக்கு இடம் கொடுத்தது. தாய்மொழிக் கல்வியைக் குறை சொல்ல இது காரணமல்ல. அரிய வடிவங்கள் காதில் விழும் வாய்ப்பு குறைந்தது, அவ்வளவே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்தபோது, களத்தில் தமிழில் பேசி அலுவலகத்தில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் வேலை ஒரு தலைமுறையின் அன்றாடமாயிற்று. அறிக்கை நடைக்கு ‘ஹேவ்’ இல்லாமல் முடியாது: முடித்திருக்கிறோம், அனுப்பியிருக்கிறோம், பார்த்திருக்கிறோம். சறுக்கும் இடமும் அதனால் பெருகியது.

‘சென்டெட்’ வேறு சாதிப் பிழை. அங்கே நிரல் மாறவில்லை. விதி அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது. ஆங்கிலக் குழந்தைகளும் இந்த வகை வடிவங்களைச் சொல்லித்தான் வளர்கின்றன. மொழியின் சரித்திரத்திலும் இது நடந்திருக்கிறது. ‘வென்ட்’ முதலில் ‘கோ’வுக்கு உரியதே அல்ல, ‘வெண்ட்’ (திரும்பு, செல்) என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் அது, ‘சென்ட்’ போலவே. ‘கோ’ அதைப் பறித்துக்கொண்டதும், வெறுங்கையோடு நின்ற வினைக்கு ‘வெண்டெட்’ என்று ஒழுங்கான புது வடிவம் உண்டாயிற்று. அது இன்று அகராதியில் சரி. ‘சென்டெட்’ மட்டும் தவறு.

இரண்டு பிழைகளையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. அறிக்கையொன்றில் ‘ஹேவ் விசிட்டெட்’, ‘ஹேவ் சென்ட்’ சரியாகவும் ‘ஹேவ் வென்ட்’, ‘ஹேவ் ரோட்’ பிழையாகவும் வந்தால், எழுதியவருக்கு ‘ஹேவ்’ அமைப்பு தெரியும். இரண்டாம், மூன்றாம் நிரல்கள் வேறுபடும் கோ, ரைட், டேக், கிவ், சீ போன்ற வினைகளே அவரைக் கவிழ்க்கின்றன. அவருக்குக் கால இலக்கணத்தை முதலிலிருந்து நடத்துவது வீண்வேலை. பத்துப் பதினைந்து வினைகளை ‘ஹேவ்’ சேர்த்தே எழுதிப் பழகினால் போதும்.

‘சென்டெட்’ என்று தட்டச்சிட்டால் கணினி உடனே சிவப்புக் கோடு போடும். அப்படியொரு சொல் அதன் பட்டியலில் இல்லை. ‘வென்ட்’, ‘ரோட்’ இரண்டும் நல்ல சொற்கள் என்பதால், எழுத்துக்கூட்டலை மட்டும் பார்க்கும் கருவி அவற்றைத் தாண்டிப்போய்விடும். அறிக்கைகளில் ‘ஹேவ் வென்ட்’ அதிகம் தப்பிப் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.