மூளைக்குள்ளேயே உருவாகும் கொலஸ்ட்ரால்: சுவடு ஆய்வுகளின் வரலாறு

மனித உடல் எடையில் மூளையின் பங்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடலிலுள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் கிட்டத்தட்டக் கால்பங்கு அங்கே இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் அடங்கிக் கிடக்கிறது. இவ்வளவு கொலஸ்ட்ரால் எங்கிருந்து வந்தது? கல்லீரல் தயாரித்ததையும் உணவில் வந்ததையும் இரத்தம் உடலெங்கும் சுமந்து செல்கிறது. மூளையும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும் என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணம் எப்படித் தவறென்று நிறுவப்பட்டது, அதற்கு ஏன் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூளையில் கொலஸ்ட்ரால் இருப்பதை 1834-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் கூவெர்ப் எழுதிவிட்டார். மூளையின் வேதியியலைப் பற்றித் தூடிக்கம் 1884-ல் விரிவான நூலே வெளியிட்டார். ஆனால் அக்கால வேதியியலால் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடிந்ததே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வழியில்லை. கல்லீரலில் உருவான மூலக்கூறும் மூளையில் உருவான மூலக்கூறும் ஒரே அமைப்புடையவை. அவற்றைப் பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டியிருந்தது.

அந்த அடையாளம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கே ஹெரால்ட் யூரி கண்டறிந்த டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனைக் கொண்டு, ஷோன்ஹைமரும் ரிட்டன்பெர்க்கும் 1930-களின் நடுவில் உடலுக்குள் மூலக்கூறுகளின் தடத்தைப் பின்தொடரத் தொடங்கினர். விலங்குக்குக் கனநீர் கொடுத்தால், அதன் பிறகு புதிதாக உருவாகும் கொழுப்பு மூலக்கூறுகளில் டியூட்டீரியம் சேரும். முன்பே இருந்தவற்றில் சேராது. இம்முறையை மூளைக்குப் பயன்படுத்தியவர்கள் நியூயார்க்கில் பணியாற்றிய வேல்ஷ், ஸ்பெர்ரி, ஸ்டோயனாஃப் ஆகிய மூவர். 1940-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது. மயலின் வேகமாக வளரும் பருவத்து எலிக்குட்டிகளின் மூளைக் கொழுப்பில் டியூட்டீரியம் நன்றாகச் சேர்ந்தது. வளர்ந்த எலிகளின் மூளையிலோ மிகக் குறைவாகவே காணப்பட்டது.

இந்தச் சோதனையிலுள்ள ஓர் இடைவெளியை வாசகர் கவனிக்க வேண்டும்; பின்னால் வந்த குழப்பமெல்லாம் இதிலிருந்தே பிறந்தது. ஒரு மூலக்கூறு எப்போது உருவானது என்று கனநீர் சொல்லும், எங்கே உருவானது என்று சொல்லாது. கனநீர் உடல் முழுதும் பரவுகிறது. குட்டியின் மூளையிலுள்ள டியூட்டீரியக் கொலஸ்ட்ரால் கல்லீரலில் உருவாகி, இரத்தம் வழியே மூளைக்கு வந்ததாகவும் இருக்கலாம் அல்லவா?

மூன்றாண்டுகளில் அடுத்த படி வந்தது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்திருந்த கொன்ராட் பிளாக், பெர்க், ரிட்டன்பெர்க் ஆகியோர் 1943-ல் டியூட்டீரியம் சேர்த்த கொலஸ்ட்ராலையே ஒரு நாயின் உடலில் செலுத்தினர். கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலம் உருவாகிறதா என்று அறிவதுதான் அவர்களது நோக்கம். அதை அவர்கள் நிறுவவும் செய்தனர். அந்த ஆய்வின் ஓரத்தில் இன்னொரு செய்தியும் பதிவாகியிருந்தது. நாயின் மற்ற உறுப்புகளிலெல்லாம் அடையாளமிட்ட கொலஸ்ட்ரால் இருந்தது. மூளையிலும் முதுகுத் தண்டிலும் இல்லை. இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ரால் மூளைக்குள் போவதில்லை என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்றாக நான் கருதுவது இதைத்தான். ஆனால் அது வளர்ந்த நாய். அதன் மயலின் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது; மூளைக்கு அப்போது தேவையே சொற்பம். தேவையில்லாத காலத்தில் வரவில்லை என்பதை வைத்து, தேவைப்பட்ட காலத்திலும் வரவில்லை என்று முடிவு கட்ட முடியாது.

1950-களின் இறுதியில் லண்டனில் டேவிசன், டாபிங் ஆகியோரின் குழு இளம் உயிரில் சோதித்தபோது விடை எதிர்ப்பக்கம் சாய்ந்தது போலத் தோன்றியது. புதிதாகப் பொரித்த கோழிக்குஞ்சின் மஞ்சள்கருப் பையில் கதிரியக்கக் கார்பன் கொண்ட கொலஸ்ட்ராலைச் செலுத்தினார்கள். நாள்கள் செல்லச் செல்ல இரத்தத்திலும் கல்லீரலிலும் கதிரியக்கம் குறைந்தது. மூளையில் மட்டும் அது நீண்ட காலம் தங்கியிருந்தது. மயலினில் சேர்ந்த கொலஸ்ட்ரால் எளிதில் மாற்றப்படுவதில்லை என்று இதிலிருந்து அவர்கள் கண்டது இன்றும் நிலைத்து நிற்கும் உண்மை. கூடவே, இளம் மூளைக்குள் வெளியிலிருந்து கொலஸ்ட்ரால் நுழைகிறது என்ற கருத்தும் வலுப்பெற்றது. குருதி-மூளைத் தடுப்பு பிறந்த உடனே முழுமையடைவதில்லை என்ற அக்கால நம்பிக்கையோடு அது பொருந்தியும் போனது.

என் மதிப்பீட்டில் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. 'ஏதேனும் நுழைகிறதா?' என்பது ஒன்று. 'மூளை கட்டப்படுவதற்குத் தேவையான அளவு நுழைகிறதா?' என்பது மற்றொன்று. கதிரியக்க அளவீடு மிக நுட்பமானது. சிறு துளி நுழைந்தாலும் காட்டிவிடும். மூளையில் நுழைந்தது வெளியேறுவதும் மிக மெதுவாகவே. மற்ற உறுப்புகள் தம் பங்கை இழந்த பிறகும் அந்தத் துளி மூளையில் தெரிந்துகொண்டே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கையில் அது பெரியதாகத் தோன்றும். தேவைப்பட்டது ஒரு கணக்கு வழக்கு: வளரும் மூளையில் மொத்தம் எவ்வளவு கூடுகிறது, அதில் எவ்வளவு அங்கேயே உருவாகிறது?

அந்தக் கணக்கை 1995-ல் ஜுரேவிக்ஸும் மொரெல்லும் போட்டார்கள்.  மயலின் வேகமாக உருவாகும் பருவத்து எலிக்குட்டிகளில், ஒவ்வோர் உறுப்பிலும் கொலஸ்ட்ரால் சேரும் வேகத்தையும் அங்கேயே புதிதாகக் கொலஸ்ட்ரால் உருவாகும் வேகத்தையும் அளந்தனர். தர்க்கத்தை ஒரு கற்பனை எண்ணால் விளக்கலாம். மூளையில் ஒரு நாளில் 1 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் கூடுகிறது, அங்கு உருவாவதோ 0.6 மில்லிகிராம்தான் என்று வந்தால், மீதி 0.4 வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றானால் இறக்குமதிக்கு இடமேயில்லை. மூளையில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் வேறு இரு வழிகளும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 1991-ல் எட்மண்டின் குழு எலிக்குட்டிகளுக்கு டியூட்டீரியக் கொலஸ்ட்ரால் கலந்த உணவை ஊட்டியது. மற்ற உறுப்புகளில் அது சேர்ந்தது, மூளையில் சேரவில்லை. 1996-ல் டர்லி, டீட்ஷி குழுவினர் செம்மறி ஆட்டின் கருவிலும் பிறந்த குட்டியிலும், எல்.டி.எல். எனப்படும் கொலஸ்ட்ரால் சுமக்கும் துகளை மூளை எடுத்துக்கொள்வதாகக் காணவில்லை. தேவை உச்சத்திலிருக்கும் காலத்திலும் மூளை தனக்குத் தானே தயாரித்துக்கொள்கிறது என்பது இவற்றோடு உறுதியாயிற்று.

ஏன் உள்ளே நுழைவதில்லை? கொலஸ்ட்ரால் நீரில் ஏறக்குறைய கரையாது. ஆகவே இரத்தத்தில் அது தனியாகப் பயணிப்பதில்லை. புரதமும் கொழுப்பும் சேர்ந்த துகள்களுக்குள் அடைக்கப்பட்டே செல்கிறது. ஒரு எல்.டி.எல். துகளின் விட்டம் சுமார் 22 நானோமீட்டர். அதனுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் இருக்கும். மூளையின் நுண் இரத்தக்குழாய்களிலோ செல்களுக்கிடையே இடைவெளி விடாமல் இறுகிய இணைப்புகள் இருக்கின்றன. 1967-ல் ரீஸும் கர்னோவ்ஸ்கியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைக் காட்டினர். செல்லின் உட்புறமாகப் பொருள்களைக் கடத்தும் வழியும் அங்கே பெரிதும் ஒடுக்கப்பட்டிருக்கிறது. ஆக, தடுப்பு நிறுத்துவது மூலக்கூறை அல்ல, மூலக்கூறு ஏறிவரும் வண்டியை. எல்.டி.எல். ஏற்பி இல்லாத சுண்டெலிகளில் இரத்தக் கொலஸ்ட்ரால் மிக உயர்ந்தும் மூளையின் அளவு மாறாமலிருப்பது இதனால்தான்.

மூளைக்குள் தனியான விநியோகமும் உண்டு. அங்கே ஆஸ்ட்ரோசைட் செல்கள் கொலஸ்ட்ராலைத் தயாரித்து, அபோ-ஈ என்ற புரதத்தோடு சேர்த்து நரம்பணுக்களுக்கு வழங்குகின்றன. கல்லீரல் மாற்று அறுவை செய்யப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த லின்டன் குழுவின் 1991-ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு அருமையான சான்று. அறுவைக்குப் பிறகு இரத்தத்தில் காணப்பட்ட அபோ-ஈ வகை, உறுப்பு கொடுத்தவருடையதாக மாறியது. மூளைத் தண்டுவட நீரிலோ நோயாளியின் சொந்த வகையே தொடர்ந்தது. இரு அமைப்புகளும் தனித்தனியே இயங்குகின்றன என்பதற்கு மனித உடலிலேயே கிடைத்த ஆதாரம் இது.

உள்ளே தயாரித்தால் உபரியை வெளியேற்றியாக வேண்டும். 1953-ல் இத்தாலிய வேதியியலாளர்கள் குதிரை மூளையிலிருந்து பிரித்தெடுத்துச் செரிப்ரோஸ்டெரால் என்று பெயரிட்டிருந்த பொருள் இதற்கு விடையாக அமைந்தது. கொலஸ்ட்ராலின் பக்கச் சங்கிலியில் 24-ஆம் கார்பனில் ஒரேயொரு ஹைட்ராக்சில் தொகுதி கூடுதலாகச் சேர்ந்ததுதான் அது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பியோர்கெம், லூட்யோஹான் ஆகியோர் 1996-ல் மனிதரின் தமனி இரத்தத்தையும் மூளையிலிருந்து திரும்பும் கழுத்துச் சிரையின் இரத்தத்தையும் ஒப்பிட்டனர். சிரையில் இப்பொருள் அதிகமாக இருந்தது. மூளையிலிருந்து நாளொன்றுக்கு 6 முதல் 7 மில்லிகிராம் வரை வெளியேறுவதாகக் கணக்கிட்டனர். கூடுதல் ஹைட்ராக்சில் சவ்வுக்குள் மூலக்கூறின் பிடியைத் தளர்த்துகிறது. கொலஸ்ட்ரால் கடக்க முடியாத சுவரை இது வண்டியில்லாமலே கடந்துவிடுகிறது. இதைச் செய்யும் CYP46A1 என்ற நொதியை 1999-ல் டல்லஸில் டேவிட் ரசலின் குழு அடையாளம் கண்டது. அந்த நொதி நீக்கப்பட்ட சுண்டெலிகளில் மூளைக் கொலஸ்ட்ரால் குவியும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி நடக்கவில்லை, வெளியேற்றம் குறைந்ததற்கு ஈடாக மூளை உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது.

இச்சுவர் முற்றிலும் ஒருவழிப்பாதை என்று சொல்வது மிகையாகும். 27-ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் கொண்ட உறவினப் பொருள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் வருகிறது. ஆனால் அங்கே அது கொலஸ்ட்ராலாக மாறுவதில்லை, மயலினுக்கு உதவுவதுமில்லை.

உள்ளூர் உற்பத்தி நின்றால் என்னவாகும் என்பதை ஸாஹரும் சகாக்களும் 2005-ல் சோதித்தனர். மயலின் கட்டும் செல்களில் மட்டும் கொலஸ்ட்ரால் தயாரிப்புக்கு வேண்டிய ஒரு நொதியைச் சுண்டெலிகளில் நீக்கினர். குட்டிகள் நடுங்கின, தடுமாறி நடந்தன. மயலின் உருவாவது வெகுவாகத் தாமதமானது. பிறகு மெல்ல உருவான மயலினில் கொலஸ்ட்ராலின் விகிதம் குறையவில்லை. அந்தச் செல்கள் அக்கம்பக்கத்துச் செல்களிடமிருந்து அதைப் பெற்றன. பெறும் வரை கட்டுமானத்தை நிறுத்தி வைத்தன. இரத்தத்தில் கொலஸ்ட்ரால் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தும் அந்தத் தாமதம் நீங்கவில்லை.

மனிதரில் இதற்கு இணையான நிலை ஸ்மித்-லெம்லி-ஆபிட்ஸ் நோய். கொலஸ்ட்ரால் தயாரிப்பின் கடைசிப் படியிலுள்ள DHCR7 நொதி பிறவியிலேயே குறைபடுவதால் வருவது. இக்குழந்தைகளுக்கு உணவில் கொலஸ்ட்ரால் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது; அதனால் இரத்த அளவு உயர்கிறது, வளர்ச்சியில் சில நன்மைகளும் தெரிகின்றன. மூளையின் குறை அதனால் தீர்வதில்லை. கொடுத்த கொலஸ்ட்ரால் அங்கே போய்ச் சேருவதில்லை.