ஒரே கரன்ட் பில், ரெண்டு கணக்கு

2022-ல நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். மின்சாரம், டீசல், பஞ்சு கொள்முதல் எல்லாத்தையும் ஒரு எக்செல் ஷீட்டுல சேர்த்து, அதுல இருந்து எவ்வளவு கார்பன் வெளியேறுதுன்னு அறிக்கைக்குக் கணக்குக் கொடுக்கறதுதான் என் வேலை. செப்டம்பர் மாச இபி பில்லுல காசு கட்ட வேண்டிய யூனிட் 3 லட்சம்னு இருந்துச்சு. அதை அப்படியே எழுதிட்டேன்.

ஸ்பின்னிங் மாஸ்டர் ஷீட்டைப் பார்த்துட்டு சிரிச்சார். "ஏனுங்க தம்பி, அந்த மாசம் ரெண்டரை லட்சம் கிலோ நூல் ஓட்டியிருக்கோம். கிலோவுக்கு ஒண்ணேகால் யூனிட்டு கூட ஆகலைன்னு போட்டிருக்கீங்க. நம்ம மில்லுல நாலு யூனிட்டு ஆகுமுங்க."

அவர் சொன்னதுதான் சரி. மில் ஓடினது 10 லட்சம் யூனிட்டுல. மில்லுக்குச் சொந்தமா உடுமலைப் பக்கம் காற்றாலை இருக்கு. மே முதல் செப்டம்பர் வரை காத்து சீசன். அந்த மாசம் காற்றாலை கொடுத்த 7 லட்சம் யூனிட்டை மின்வாரியம் கழிச்சுட்டு, மீதி மூணுக்குத்தான் பில் போட்டிருக்கு. பணத்துக்கு அது சரியான கணக்கு. ஆனா மெஷின்கள் தின்ன மின்சாரம் 10 லட்சம்தான். பில்லோட முதல் பக்கத்தை மட்டும் பார்த்தா இது தெரியாது. மாசாமாசம் யூனிட்டை நூல் எடையால வகுத்துப் பார்த்தா, காத்து சீசன்ல மட்டும் பள்ளம் விழுறது தெரிஞ்சிடும்.

சரி, கார்பன் கணக்குக்கு எதை எடுக்கறது, பத்தையா மூணையா? இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

1998-ல வாஷிங்டனைச் சேர்ந்த உலக வள நிறுவனமும், ஜெனீவாவுல இருக்கற ஒரு பெருநிறுவனக் கூட்டமைப்பும் சேர்ந்து ஜிஎச்ஜி புரோட்டோகால்ங்கற வேலையை ஆரம்பிச்சாங்க. 2001-ல முதல் விதிப் புத்தகம் வந்துச்சு. அவங்க முன்னாடி இருந்த பெரிய சிக்கல் இரட்டைக் கணக்கு. நிலக்கரியை எரிக்கறது அனல்மின் நிலையம், மின்சாரத்தை வாங்கறது மில். அந்தப் புகை யாரோடது? ரெண்டு பேருமே எழுதுங்க, ஆனா வேற வேற பெட்டியிலன்னு முடிவு பண்ணாங்க. தன் வளாகத்துல எரிச்சது ஸ்கோப் 1. வாங்கின மின்சாரம் ஸ்கோப் 2. மத்ததெல்லாம் ஸ்கோப் 3.

ஸ்கோப் 2-க்கு யூனிட்டை ஒரு எண்ணால பெருக்கணும். அந்த எண் நம்ம ஊர்ல எப்படி வந்துச்சுங்கறது சுவாரசியம். கியோட்டோ ஒப்பந்தத்துல கார்பன் கிரெடிட் விக்கற திட்டங்களுக்கு ஒரு அடிப்படை தேவைப்பட்டதால, 2006-ல மத்திய மின்சார ஆணையம் முதல் பட்டியலை வெளியிட்டுச்சு. அது இப்பவும் தொடர்ந்து வருது. சமீப வருஷங்கள்ல ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அப்போ 10 லட்சம் யூனிட்டுக்கு 700 டன்.

"காற்றாலைக்குக் காசு போட்டது நாங்க, எங்களுக்கு எதுக்கு 700?"ன்னு மில் கேக்கும். உலகம் முழுக்க இதே சண்டைதான். 2015-ல புரோட்டோகால் புது வழிகாட்டுதல் கொடுத்துச்சு: ரெண்டு எண்ணையும் போடுங்க. ஊர் மின்கட்டமைப்போட சராசரியை வச்சு ஒண்ணு, 700. நீங்க யார்கிட்ட வாங்கினீங்கங்கறதை வச்சு இன்னொண்ணு, மூணு லட்சத்துக்கு மட்டும் 210. ரெண்டாவதுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்தக் காத்து மின்சாரத்தோட பசுமைச் சான்றிதழை வேற யாருக்கும் வித்திருக்கக் கூடாது. அதனால மின்வாரியத்தோட காற்றாலை சரிக்கட்டு விவரத்தையும் பில்லோட சேர்த்து வாங்கி வைக்க ஆரம்பிச்சேன்.

மின்சாரத்துலயாவது மீட்டர் இருக்கு. வாங்கற பஞ்சுக்கு எதை அளக்கறது? 2011-ல வந்த ஸ்கோப் 3 விதிகள், வேற தகவல் இல்லாட்டி செலவழிச்ச பணத்தை வச்சே கணக்குப் போட அனுமதிச்சுது. இதுக்கு வேர், லியான்டீஃப்ங்கற பொருளாதார அறிஞர் 1930-கள்ல போட்ட உள்ளீடு–வெளியீடு அட்டவணை. 1970-ல அவரே அதுல மாசையும் சேர்த்தார்.

அக்கவுன்ட்ஸ்ல கேட்டா ரூபாய் உடனே கிடைக்கும். அதனால நானும் அதையே எடுத்தேன். 2021 தொடக்கத்துல ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, 50,000 ரூபாய்க்குக் கீழ இருந்துச்சு. 2022 மே மாசம் ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. அதே பஞ்சு, அதே வயல், ஆனா என் ஷீட்டுல கார்பன் ரெண்டு மடங்கு. அப்புறம் குடோனுக்குப் போய் பேல் எடைச் சீட்டை எல்லாம் எடுத்து, கிலோ கணக்குல மறுபடி போட்டேன். பதினோரு நாள் ஆச்சு. மாஸ்டர்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.