மரவள்ளியின் தேமலும் அதன் காட்டு உறவும்

கல்வராயன் மலைச்சரிவிலும் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் மரவள்ளி இன்று ஊரோடு ஒன்றிய பயிர். முள்ளுவாடி, பர்மா, குங்கும ரோஸ் என்று ரகங்களுக்கு நம் வாயில் பழகிய பெயர்களும் உண்டு. ஆனால் அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. அமேசான் படுகையின் தெற்கு ஓரத்தில் வளரும் ஒரு காட்டு மரவள்ளியே இதன் மூதாதை என்று 1999-இல் ஓல்சன், ஷால் ஆகியோரின் மரபணு ஆய்வு காட்டியது.

இங்கே இப்பயிரை வாட்டுவது தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸ் இலையை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக்கிச் சுருக்கிவிடும். நோய் எங்கிருந்து வந்தது என்பதைச் செடியே சொல்லும். முதலில் துளிர்த்த இலையிலேயே தேமல் இருந்தால் நட்ட கரணையே நோயுற்றது. அடியிலைகள் தெளிவாக இருந்து மேலே மட்டும் தேமல் தெரிந்தால், ஈ பின்னால் கொண்டுவந்தது. கரணை வழியே வந்த நோய்தான் விளைச்சலை அதிகம் தின்னும். தோட்டத்தில் கரணை வெட்டுபவர் இதை மட்டும் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய் மரவள்ளியின் தாயகத்தில் இல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏற்கெனவே இருந்த வைரஸ்கள் புதிதாக வந்த பயிரைப் பிடித்துக்கொண்டன. ஆகவே எதிர்ப்புத்திறனைத் தாயகத்து மரவள்ளியில் எதிர்பார்க்க முடியாது. தான்கனிக்காவின் அமானி ஆய்வு நிலையத்தில் 1930-களில் ஸ்டோரியும் நிக்கோல்ஸும் காட்டு உறவுகளைச் சோதித்தார்கள். கைகொடுத்தது சியாரா ரப்பர் மரம். வடகிழக்கு பிரேசிலைச் சேர்ந்த அது, மரவள்ளியின் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் உண்ணத்தக்க கிழங்கு தராது.

அதோடு மரவள்ளியைக் கலந்து பெற்ற முதல் கலப்பினம் நோயைத் தாங்கியது, கிழங்கில் தோற்றது. எனவே அதை மீண்டும் மரவள்ளியோடே கலந்தார்கள். இப்படி மூன்று முறை கலந்த பிறகே கிழங்கும் எதிர்ப்பும் ஒரே செடியில் அமைந்தன. அந்த வழியில் வந்த விதைகள் நைஜீரியா போய்ச் சேர, அவற்றிலிருந்து 58308 என்ற செடி அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது. இபாதான் நகரில் அமைந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தின் ரகங்களுக்கு அதுவே அடித்தளம் ஆனது. நைஜீரியாவிலிருந்து இந்தியா வந்த எம்.என்.ஜி.ஏ-1 என்ற ரகத்தைத் திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ பத்மநாபா என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கு வழங்கியது.

காட்டுச் செடியிடம் கடன் வாங்கினால் வேண்டாததும் கூடவே வரும். ஆப்பிரிக்க ரகங்களில் சியாரா ரப்பரின் பெரிய துண்டுகள் ஒன்றாம், நான்காம் குரோமோசோம்களில் இன்னும் உடையாமல் இருக்கின்றன. துண்டு ஒற்றைப் படியாக இருந்தால் பயன். இரட்டைப் படியானால் செடி நலியும் என்று கருத இடமிருக்கிறது. மரவள்ளி விதையால் அல்லாமல் கரணையால் பெருகுவதால் அந்த ஒற்றைப் படி தலைமுறை மாறாமல் நிற்கிறது. அதே கரணை வழியேதான் வைரஸும் அடுத்த நடவுக்குப் போகிறது.