சீலிங்குக்கு வெள்ளையா, நிறமா? அறையின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் அடிக்கும் குடும்பங்கள் சுவருக்கு எந்த நிறம் என்று பல நாள் பேசுவார்கள். சீலிங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "அது வழக்கம்போல வெள்ளைதான்" என்று விட்டுவிடுவார்கள். சிலர் மட்டும் புதுமையாக இருக்கட்டுமே என்று அதற்கும் ஒரு நிறம் கேட்பார்கள். இரண்டுமே சரியாக வரலாம், இரண்டுமே தவறாகவும் போகலாம். அதை முடிவு செய்வது அறையின் உயரமும் அதற்குள் வரும் வெளிச்சமும்தான்.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டட உபவிதிகளின்படி வீட்டின் கூடமும் படுக்கையறையும் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அதாவது எட்டடிக்குச் சற்று அதிகம். மலிவு விலை அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் உயரம் இதை ஒட்டியே இருக்கும். பழைய கடைவீடுகளின் மாடி அறைகளிலோ சீலிங் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். முன்னதை உயர்த்திக் காட்ட வேண்டும். பின்னதைக் கொஞ்சம் கீழே இறக்கினால்தான் உட்கார்ந்து பேச இதமாக இருக்கும்.

வெளிறிய பரப்பு நம் கண்ணுக்குத் தள்ளி இருப்பதுபோலவும், அடர்ந்த பரப்பு நெருங்கி வருவதுபோலவும் தெரிகிறது. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சீலிங் வெளிறியிருந்தால் அறை உயரமாகத் தெரிந்தது. சுவரும் வெளிறியிருந்தால் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. தரையின் நிறம் உயரத்தை மாற்றவில்லை. சுவரை அடர் நிறமாக்கி சீலிங்கை வெள்ளையாக விட்டால் அந்த வேறுபாடே அறையை உயர்த்திவிடும் என்று பலர் சொல்வதுண்டு. இந்த ஆய்வில் அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஆகவே தாழ்ந்த அறைக்கு வெள்ளை சீலிங் மட்டும் போதாது, சுவரும் வெளிர் நிறமாக இருப்பது நல்லது.

கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பத்துக்குப் பத்தடி அறை. ஒரே ஜன்னல், அதுவும் நடைபாதையைப் பார்த்தது. கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாளின் பெரும்பகுதி படுத்தே இருக்கும் அம்மாவுக்கு, மேலே பார்த்தால் வானம்போல இருக்கட்டும் என்று மகள் சீலிங்குக்கு நீலம் அடிக்கச் சொன்னார். கடையின் நிற அட்டையில் அது இளநீலமாகத்தான் தெரிந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் நிறம் அடர்ந்து, சீலிங் தலைமேல் இறங்கி வந்ததுபோல இருந்தது. அம்மா பகலிலேயே விளக்கைப் போடச் சொன்னார்.

தவறு நீலத்தில் இல்லை. சீலிங்குக்கு நேரடி வெளிச்சம் கிடைப்பதில்லை. தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சமே அதற்குக் கிடைக்கிறது. அதனால் எந்த நிறமும் மேலே போனதும் அட்டையில் இருந்ததைவிட ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். சீலிங் வெள்ளையாக இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் திருப்பி அனுப்பும். நிறமோ அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

"அக்கா, சுவரை விட்டுடுங்க, அது கிரீம் கலர், நல்லாத்தான் இருக்கு. மேலே மட்டும் வெள்ளைக்கு மாத்திடுவோம்" என்றார் சாயம் அடிப்பவர். நூறு சதுர அடி என்பது ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய பத்து சதுர மீட்டர் வரும். சாதாரணமாக இரண்டு பூச்சுக்கு இரண்டு லிட்டர் போதும். ஆனால் கீழே நீலம் இருந்ததால் இரண்டாவது பூச்சிலும் அது லேசாகத் தெரிந்தது. மூன்றாவது பூச்சும் தேவைப்பட்டு மூன்று லிட்டர் செலவானது. அதன் பிறகு அம்மா பகலில் விளக்கு கேட்கவில்லை.

தாழ்ந்த சீலிங்குக்குப் பளபளப்பில்லாத மேட் வகை வெள்ளையே ஏற்றது. பளபளக்கும் சாயம் விளக்கொளியில் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். வரிசை வீடுகளில் பலகை சீலிங்கின் இணைப்புகளை மறைக்க மரச்சட்டம் அடித்திருப்பார்கள். அந்தச் சட்டத்துக்குப் பழுப்பு நிறம் கொடுத்தால் தலைக்கு மேல் கட்டம் கட்டமாகத் தெரிந்து உயரம் குறையும். சட்டத்தையும் அதே வெள்ளையில் அடித்துவிடுங்கள்.

உயர்ந்த கூடத்துக்கு முறை வேறு. அங்கே சீலிங்குக்கு நிறம் கொடுக்கலாம், ஆனால் புதிதாக ஒரு நிறத்தைத் தேட வேண்டாம். சுவரின் நிறத்தையே பாதி அல்லது கால் அளவு நிறமிதான் சேர்த்துக் கலந்து தரும்படி கடையில் கேளுங்கள். சுவரும் சீலிங்கும் ஒரே குடும்பமாகத் தெரியும், அறையும் இதமாகும். அதுவும் போதவில்லை என்றால், சீலிங்கின் நிறத்தைச் சுவரின் மேற்பகுதியில் ஓரடி வரை கீழே இறக்கி ஒரு நேர்கோட்டில் நிறுத்துங்கள். கண் அந்தக் கோட்டையே சீலிங்கின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். வெள்ளைக் காற்றாடி நிற சீலிங்கில் தனியாகத் துருத்தித் தெரியும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த நிறமானாலும் வாங்குவதற்கு முன், ஒரு லிட்டர் மட்டும் எடுத்து இரண்டடிப் பலகைத் துண்டில் இரண்டு பூச்சு அடியுங்கள். காய்ந்ததும் அதை சீலிங்கோடு சேர்த்துப் பிடித்து, காலையில் ஒருமுறையும் இரவு விளக்கொளியில் ஒருமுறையும் பாருங்கள். அட்டையைக் கையில் வைத்துப் பார்ப்பது போதாது.

வெள்ளை அடித்தும் சில மாதங்களில் கறை திரும்ப வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சாமி மேடைக்கு மேலே விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் படிந்து கறுத்திருக்கும். மழைநீர் ஒழுகிய இடத்தில் பழுப்பு வட்டம் இருக்கும். இவற்றின் மேல் நேராக நீர்ச்சாயம் அடித்தால் கறை கரைந்து மேலே வந்துவிடும். புகைக் கறையைச் சவர்க்கார நீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கறையைத் தடுக்கும் எண்ணெய்வகை சீலர் ஒரு பூச்சு கொடுத்த பிறகே வெள்ளை அடிக்க வேண்டும். ஒழுகல் என்றால் முதலில் கூரையைச் சரிசெய்ய வேண்டும். ஈரம் இருக்கும்வரை எந்தச் சாயமும் நிற்காது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பழைய வரிசை வீடுகளிலும் தோட்ட வீடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சீலிங் பலகை இருக்கலாம். பார்த்து மட்டும் அதை அடையாளம் காண முடியாது. அப்படிச் சந்தேகம் இருந்தால் உப்புத்தாளால் தேய்க்கவோ, சுரண்டவோ, துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்தானது. பலகை உடையாமல் நல்ல நிலையில் இருந்தால், ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து அதன் மேலேயே சாயம் அடிக்கலாம். உடைந்து உதிர்கிறது என்றால் அனுபவமுள்ள குத்தகையாளரை அழைத்து அகற்றுங்கள். நிறத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.