உள்ளறையின் கதை

சாமராஜநகரில் இருக்கும் என் அத்தை ஒரு நாள் காலை காபி ஆற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று இடது கடைவாய் மரத்துப்போனது. அதே நேரத்தில் இடக்கை விரல் நுனிகளும் மரத்தன. கையைத் தூக்க முடிந்தது, பேச்சும் குழறவில்லை. "பல்லு வைத்தியர்கிட்ட போகலாமா?" என்றுதான் முதலில் கேட்டார். மாமா கேட்கவில்லை. வண்டி பிடித்து மைசூருக்கு அழைத்துப் போனார்.

முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. சிறிய அடைப்பு என்றால் முதல் சில மணி நேரத்தில் அதில் தெரியாமலும் போகும். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளையின் நடுவே, வலப்பக்கம், துவரம்பருப்பு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. "இது தலாமஸ்" என்றார் டாக்டர். "உதடும் விரலும் உடம்புல தூரமா இருக்கும்மா. இங்கே பக்கத்துப் பக்கத்து வீடு. அதான் ரெண்டும் சேர்ந்து மரத்துப்போச்சு."

மரப்பு மெல்லக் குறைந்தது. எல்லாரும் நிம்மதியானோம். இரண்டு மாதம் கழித்து அதே கையில் எரிச்சல் தொடங்கியது. புடவைத் தலைப்பு உரசினால் தணல் பட்டதுபோல் இருக்கிறது என்றார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் துடித்தார். கையில் காயம் இல்லை, வீக்கம் இல்லை. வலி மாத்திரை எதற்கும் அசையவில்லை. உணர்வே குறைந்துபோன கையில் வலி எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களால்தான் தலாமஸ் என்ன செய்கிறது என்பதே உலகுக்குத் தெரிந்தது.

பெயர் மிகப் பழையது. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன் வைத்தது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வீட்டின் உள்ளறை, மணவறை என்று பொருள். மூளையைப் பிளந்தால் நடுவே இரண்டு பக்கமும் முட்டை வடிவில், சுமார் 3 செ.மீ. நீளத்தில் அது இருக்கும். அந்த உள்ளறைக்குள் என்ன நடக்கிறது என்பது பல நூற்றாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

1865இல் பாரிஸ் மருத்துவர் ழூல் பெர்னார் லூயிஸ் ஒரு துணிச்சலான கருத்தை வைத்தார். தலாமஸுக்குள் முன்னும் பின்னுமாக நான்கு மையங்கள் இருக்கின்றன. மணம், பார்வை, தொடுகை, கேள்வி ஆகிய ஒவ்வொன்றும் அதனதன் மையத்தில் இறங்கி, அங்கிருந்துதான் மூளையின் மேற்பட்டைக்குப் போகிறது என்றார். ரிலே நிலையம் என்ற எண்ணம் ஏறக்குறைய இப்படித்தான் பிறந்தது. விவரங்களில் அவர் பிசகினார். மணம்தான் தலாமஸுக்குள் நுழையாமலேயே மேற்பட்டையை எட்டிவிடும் ஒரே புலன். ஆனால் அடிப்படை சரி. கண், காது, தோல் ஆகியவற்றின் செய்திகள் அங்கே இறங்கி, வேறு நரம்பணுவுக்குக் கைமாறி, பிறகே மேலே போகின்றன. தோலின் செய்திகள் அங்கே வந்து சேர்வதற்கு முன்பே பக்கம் மாறிவிடுகின்றன. வலப்பக்கப் புள்ளி அத்தையின் இடக்கையைத் தாக்கியது அதனால்தான்.

ஆதாரம் நோயாளிகளிடமிருந்து வந்தது. 1906இல் பாரிஸில் டெஜெரின், ரூசி என்ற இரு மருத்துவர்கள் ஒரே மாதிரியான சில நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பக்கவாதம் வந்து கைகால் பலவீனம் சீக்கிரம் சரியாகிவிட்டது. ஆனால் உடம்பில் ஒரு பாதி மரத்திருந்தது. அந்தப் பாதியிலேயே எந்த மருந்துக்கும் அடங்காத வலி இருந்தது. இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தால் சேதம் தலாமஸின் பின்பகுதியில் இருந்தது. அத்தையின் நோய்க்கு இன்றும் அவர்கள் இருவர் பெயர்தான்.

1911இல் லண்டனில் ஹென்றி ஹெட், கோர்டன் ஹோம்ஸ் இருவரும் இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். அவர்களுடைய நோயாளிகளில் ஒருவரால் தேவாலயத்துக்கே போக முடியவில்லை. அங்கே பாடும் பாட்டு அவருடைய பாதிக்கப்பட்ட பக்கத்தில் தாங்க முடியாத உணர்வாக ஏறியது. பாட்டு முடியும்வரை அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாராம்.

இங்கேதான் 'ரிலே நிலையம்' என்ற சொல் போதாமல் போகிறது. தலாமஸ் வெறும் கம்பி இணைப்பாக இருந்தால், அறுந்ததும் நிசப்தம்தான் மிஞ்ச வேண்டும். மிஞ்சியதோ கூச்சல். மேற்பட்டை போட்டிருந்த கடிவாளம் அவிழ்ந்ததால் தலாமஸ் கட்டுமீறுகிறது என்றார்கள் ஹெட்டும் ஹோம்ஸும். செய்தி வரத்து நின்றுபோன அணுக்கள் தாமாகவே கொத்துக்கொத்தாகத் துடிக்கத் தொடங்குகின்றன என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். இரண்டிலும் உள்ள உண்மை ஒன்றுதான். தலாமஸ் செய்தியைக் கடத்துவதோடு நிற்பதில்லை. எதை விடுவது, எதை அடக்குவது என்றும் பார்க்கிறது. கண்ணின் செய்தியை வாங்கும் தலாமஸ் அணுக்களில் கண்ணிலிருந்து நேரே வரும் இணைப்புகள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி பெரும்பாலும் மேற்பட்டையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் வருபவை. வாசலில் நிற்பவரிடம் உள்ளே இருப்பவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

ஒரு பக்கத் தலாமஸ் அடிபட்டால் உணர்வு திரிகிறது. இரு பக்கமும் அடிபட்டால் விழிப்பே குலைகிறது. நம் ஊரில் இதைக் காட்டும் நோய் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதிக் குழந்தைகளிடம். எங்கள் பக்கத்து மண்டியா மாவட்டமும் அதை அறியும். நெல்வயலில் பெருகும் கொசு பரப்பும் அந்தக் கிருமி, பெரும்பாலும் இரு தலாமஸையும் குறிவைக்கிறது. காய்ச்சலும் வலிப்பும் வந்த குழந்தை மயக்கத்தில் ஆழும். எம்.ஆர்.ஐ.யில் நடுவே இரண்டு வெள்ளை முட்டைகள் தெரிந்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

கேரன் ஆன் குயின்லன் என்ற அமெரிக்கப் பெண் 1975இல் 21 வயதில் நினைவிழந்தார். பத்து ஆண்டு அப்படியே இருந்து 1985இல் இறந்தார். மேற்பட்டை அழிந்திருக்கும் என்று எல்லாரும் எண்ணினார்கள். 1994இல் வெளியான ஆய்வு வேறொன்றைச் சொன்னது. மேற்பட்டையைவிட மோசமாகச் சிதைந்திருந்தவை அவருடைய இரு தலாமஸ்களும்தான். கண் திறந்திருந்தது, உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வந்தன. ஆனால் மேற்பட்டையின் பகுதிகளை ஒன்றாகப் பேசவைக்கும் இடம் இல்லை. 2007இல் அமெரிக்க மருத்துவர்கள், ஆறு ஆண்டு மங்கிய நினைவில் கிடந்த 38 வயதுக்காரர் ஒருவரின் தலாமஸ் நடுப்பகுதியில் மெல்லிய மின்முனைகளை வைத்துத் தூண்டினார்கள். அவர் வாயால் சாப்பிடவும் சில சொற்கள் பேசவும் முடிந்தது. எல்லாருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல அந்த ஒருவர் போதாது.

அத்தைக்கு டாக்டர் அமிட்ரிப்டிலின் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார். எரிச்சல் பாதியாகக் குறைந்தது, முழுதும் போகவில்லை. அதைவிட அவருக்கு உதவியது இன்னொன்று. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தபோது டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டி, "இவங்க வலி இதோ இங்கே இருக்கு" என்றார்.

இப்போது புடவைத் தலைப்பை இடக்கையில் உரசாமல் பின் குத்திக்கொள்கிறார். குளிப்பதற்கு முன் வெந்நீரின் சூட்டை வலக்கையால் மட்டும் பார்க்கிறார். இடக்கைக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது, அது எரிச்சலை மட்டுமே சொல்லும் என்பதை அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.