நர்ஸ்களுக்கு ஆண்டுக்கு 30 மணி நேரப் பயிற்சி: நைட் டூட்டியால் விடுபடும் வகுப்புகளைச் சரிக்கட்டுவது எப்படி?

காலை ஷிஃப்ட், மதியம் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்து பக்கத்தில் உள்ள ராஜபாளையத்துக்கு பஸ் பிடித்து வேலைக்குப் போகும் ஒரு நர்ஸின் வாரம் இந்த மூன்றுக்குள்தான் ஓடும். இதற்கு நடுவே அவர் பயிற்சி வகுப்புகளிலும் உட்கார்ந்து, அந்த மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'மாசத்துக்கு ரெண்டு கிளாஸ் வச்சா போதும், எல்லாருக்கும் மணி நேரம் வந்துடும்' என்றுதான் பல இடங்களில் நினைக்கிறார்கள். ஆனால் டூட்டி ரோஸ்டரோடு சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கு இடிக்கிறது. எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்யலாம்?

எத்தனை மணி நேரம் தேவை?

நர்ஸாகப் பதிவு செய்தவர்கள் அந்தப் பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த 5 ஆண்டுகளில் 150 மணி நேரம் தொடர் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 30 மணி நேரம், மாதத்துக்கு இரண்டரை மணி நேரம். பதிவு, புதுப்பித்தல் வேலைகளை மாநில அளவில் பார்ப்பது தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சில்.

சராசரி சரியாக இருந்தும் பாதிப்பேருக்குக் குறைவது ஏன்?

ஒரு நடுத்தர மருத்துவமனையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மொத்தம் 18 நர்ஸ்கள். மூன்று மூன்று பேராக ஏ முதல் எஃப் வரை 6 குழுக்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு குழு நைட் டூட்டி பார்க்கும். ஆகவே ஒரு குழுவுக்கு 6 வாரத்துக்கு ஒருமுறை நைட் வரும். முதல் வாரம் ஏ, இரண்டாவது வாரம் பி என்று வரிசையாகப் போகும்.

வகுப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். மதியம் 2 மணிக்கு ஷிஃப்ட் மாறும் என்றால், மதிய ஷிஃப்ட்காரர்கள் முன்கூட்டியே வந்து 12.30 முதல் 2 வரை உட்காருவார்கள். காலை ஷிஃப்ட் முடிந்தவர்களுக்கு அதே பாடம் 2 முதல் 3.30 வரை. வார்டில் ஆள் குறையாது, பயிற்சிக்கென்று தனியாக பஸ் ஏறி வர வேண்டியதும் இல்லை. புதன்கிழமை யாருக்கும் வார ஓய்வு இல்லை என்று வைத்துக்கொள்வோம். விடுபடுவது நைட் குழு மட்டும்தான். 'நைட் முடிச்சுட்டு இப்பதான் வீட்டுக்கு வந்து படுத்தேன், கிளாஸுக்கு எப்படி வர்றது சிஸ்டர்?' என்று அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

ஆண்டுக்கு 26 வகுப்பு. இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று எப்போதும் இரட்டைப்படை வாரத்திலேயே வகுப்பு வரும். ஏ, சி, ஈ குழுக்களுக்கு நைட் வருவது ஒற்றைப்படை வாரத்தில். அவர்களுக்கு ஒரு வகுப்புகூட விடுபடாது. 26 வகுப்பு, 39 மணி நேரம்.

பி, டி குழுக்களுக்கு நைட் வருவதோ இரட்டைப்படை வாரத்தில். ஆண்டுக்கு 9 வகுப்பு போய்விடும். மிஞ்சும் 17 வகுப்பில் கிடைப்பது 25.5 மணி நேரம். எஃப் குழுவுக்கு 8 வகுப்பு போய் 27 மணி நேரம்.

ஆண்டுக் கடைசியில் மொத்தச் சராசரி பார்த்தால் ஆளுக்கு 32.5 மணி நேரம் என்று வரும். 30-ஐத் தாண்டிவிட்டோம் என்று ஃபைலை மூடிவிடலாம். ஆனால் 18 பேரில் 9 பேருக்கு மணி நேரம் குறைவு. இதில் யாரும் வகுப்புக்கு டிமிக்கி கொடுக்கவில்லை. ரோஸ்டர் 6 வாரத்தில் சுற்றுகிறது, வகுப்பு 2 வாரத்தில் சுற்றுகிறது. 6 என்பது 2-ஆல் வகுபடுவதால் ஒவ்வொரு முறையும் அதே மூன்று குழுக்கள்தான் மாட்டுகின்றன.

சரிசெய்வது எப்படி?

கூடுதல் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. 6 வாரச் சுற்று ஒன்று முடிந்ததும் வகுப்பு வாரத்தை மாற்றினால் போதும். முதல் சுற்றில் 2, 4, 6-வது வாரங்கள். அடுத்த சுற்றில் 1, 3, 5-வது வாரங்கள். அதற்கடுத்து மறுபடியும் 2, 4, 6.

அதே 26 வகுப்புதான். ஆனால் இப்போது பி, டி குழுக்களுக்கு 21 வகுப்பு, 31.5 மணி நேரம். மற்ற நான்கு குழுக்களுக்கும் 22 வகுப்பு, 33 மணி நேரம். சராசரி பழையபடி 32.5-தான், ஆனால் 30-க்குக் கீழே யாரும் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பி, டி குழுக்களுக்குக் கையிருப்பு ஒன்றரை மணி நேரம், அதாவது ஒரே ஒரு வகுப்பு. இரண்டு புதன்கிழமை லீவு போட்டாலே 30-க்குக் கீழே இறங்கிவிடும். அதனால் ஆண்டுக்கு ஒரு வெளிப் பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது இந்தக் குழுக்களுக்கு முதலிடம் தரலாம். இதயம் நின்றவருக்கு முதலுதவி, நோய்த்தொற்றுத் தடுப்பு போல யாரும் தவறவிடக் கூடாத பாடங்களை அடுத்த சுற்றில் மறுபடியும் வைக்க வேண்டும்.

யாருக்கு அவசரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பலர் வைத்திருப்பது ஆண்டு வாரியான வருகைப் பதிவேடு. ஆனால் 150 மணி நேரத்துக்கான கெடு அவரவர் பதிவைப் புதுப்பிக்கும் தேதியில் முடிகிறது. அது ஆளுக்கு ஆள் வேறு.

அதனால் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் புதுப்பிக்கும் தேதி இருக்க வேண்டும். 150-இல் இதுவரை சேர்ந்ததைக் கழித்து, மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்தால் மாதத்துக்கு எவ்வளவு தேவை என்று தெரியும்.

ஒருவர் 88 மணி நேரம் சேர்த்திருக்கிறார், புதுப்பிக்க 20 மாதம் இருக்கிறது. பாக்கி 62. மாதத்துக்கு 3.1 மணி நேரம் தேவை. இன்னொருவரிடம் இருப்பது 20 மணி நேரம்தான், ஆனால் 48 மாதம் இருக்கிறது. அவருக்குத் தேவை மாதத்துக்கு 2.7. மணி நேரம் குறைவாக இருப்பவர் இரண்டாமவர். ஆனால் அவசரம் முதலாமவருக்குத்தான். இரண்டரைக்கு மேல் போகும் பெயர்களை மாதாமாதம் குறித்து, ரோஸ்டர் போடும் வார்டு இன்சார்ஜிடம் கொடுத்துவிட வேண்டும்.

பிரசவ விடுப்பில் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான் கைகொடுக்கும். தமிழக அரசுப் பணியில் அந்த விடுப்பு 12 மாதம். அந்த ஓராண்டில் ஒரு மணி நேரமும் சேரவில்லை என்றால் 150-ஐ நான்கு ஆண்டுகளில் முடிக்க வேண்டும். அப்போது ஆண்டுக்குத் தேவை 37.5 மணி நேரம்.

உட்கார்ந்த மணி நேரம் எல்லாம் கணக்கில் சேருமா?

சேராது. மருத்துவமனைக்குள் எடுக்கும் வகுப்பாக இருந்தாலும் மாநில கவுன்சிலின் அங்கீகாரம் முன்பே வாங்கியிருந்தால்தான் புதுப்பித்தலுக்கு உதவும். ஆகவே பதிவேட்டில் 'உட்கார்ந்த மணி நேரம்', 'அங்கீகரிக்கப்பட்ட மணி நேரம்' என்று இரண்டு பத்தி வேண்டும். மேலே சொன்ன வகுத்தலுக்கு இரண்டாவது பத்தியைத்தான் எடுக்க வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், பதிவு எண், தேதி, மணி நேரம் ஆகியவை சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது. நான்கு வருடம் கழித்துத் தப்பு தெரிந்தால், திருத்தித் தர வேண்டியவர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.